நம் ஊர்க் கண்ணாடிக்குக் கம்பளி எதற்கு?

மாணவர்களே, கோலாலம்பூரில் ஓர் அலுவலகக் கட்டடம் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் கிழக்குச் சுவரில் 100 சதுர மீட்டர் கண்ணாடி வைக்க வேண்டும். எந்தக் கண்ணாடி? விற்பனையாளர் கொண்டுவரும் விளக்க ஏட்டில் பெரும்பாலும் 'இரட்டைக் கண்ணாடி, வெப்பத்தைத் தடுக்கும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அந்த வரியை மட்டும் நம்பி வாங்கக்கூடாது என்பது என் கருத்து. காரணத்தை, படிவம் 4 இயற்பியலில் நீங்கள் போடும் பெருக்கல் கணக்கைக் கொண்டே காட்டிவிடலாம்.

கண்ணாடியின் தரத்தை மூன்று எண்கள் சொல்கின்றன. முதலாவது சூரிய வெப்பக் கெழு. கண்ணாடி மேல் விழும் சூரிய ஆற்றலில் எவ்வளவு பங்கு கடைசியில் அறைக்குள் வெப்பமாகச் சேருகிறது என்பதே அது. நேராக ஊடுருவி வருவதும், கண்ணாடி உறிஞ்சிச் சூடாகிப் பிறகு உள்ளே விடுவதும் இதில் அடங்கும். இரண்டாவது ஒளி ஊடுருவல். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்பது இது. மூன்றாவது யூ மதிப்பு. வெளியேயும் உள்ளேயும் 1 பாகை வெப்பநிலை வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை இது சொல்கிறது. யூ மதிப்புக்கு வெயிலோடு தொடர்பில்லை. நள்ளிரவிலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். காலை 10 மணி, வானம் தெளிவாக இருக்கிறது. கிழக்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 500 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். வெளியே 30 பாகை, உள்ளே குளிர்சாதனம் 24 பாகையில் வைத்திருக்கிறது. வேறுபாடு 6 பாகை மட்டுமே.

சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்குச் சூரிய வெப்பக் கெழு ஏறத்தாழ 0.82, யூ மதிப்பு 5.8. வெயிலால் வருவது 0.82 பெருக்கல் 500, அதாவது 410 வாட். வெப்பநிலை வேறுபாட்டால் வருவது 5.8 பெருக்கல் 6, சுமார் 35 வாட். மொத்தம் 445.

அதே சாதாரணக் கண்ணாடியை இரண்டாக வைத்து நடுவே காற்று இடைவெளி விட்டால், யூ மதிப்பு 2.7 ஆகப் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஏட்டில் பெரிய எழுத்தில் போட வேண்டிய சாதனைதான். ஆனால் மிச்சமானதைப் பாருங்கள். 35 வாட் 16 ஆகியிருக்கிறது. சூரிய வெப்பக் கெழுவோ 0.70-க்குத்தான் இறங்குகிறது. ஆக வெயிலால் மட்டும் 350 வாட் இன்னும் உள்ளே வருகிறது. மொத்தம் 366. வீட்டில் இருக்கும் ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் சுமார் 2,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். முதல் கண்ணாடிக்கு அப்படிப்பட்ட 18 இயந்திரங்கள் வேண்டுமென்றால், இரட்டைக் கண்ணாடிக்கும் 15 வேண்டும்.

இதே இரட்டைக் கண்ணாடியை லண்டனுக்குக் கொண்டு செல்லுங்கள். குளிர்கால இரவு, வெளியே 0 பாகை, உள்ளே 20. வெயில் இல்லை, வேறுபாடு மட்டும் 20 பாகை. ஒற்றைக் கண்ணாடி வழியாக 116 வாட் வெளியேறும் இடத்தில் இரட்டைக் கண்ணாடி 54 வாட் மட்டுமே இழக்கிறது. அங்கே யூ மதிப்புதான் ராஜா. குளிர்நாட்டில் கம்பளியாக இருப்பதை வெயில் நாட்டில் குடை என்று விற்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஏட்டில் இருக்கும் எண் சரியானதுதான், நமக்கு முதலில் வேண்டிய எண் அது அல்ல.

நம் நாட்டுத் தரமும் இதையே சொல்கிறது. கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கான எம்.எஸ். 1525 என்ற மலேசியத் தரத்தில், வெளிச்சுவர் வழியாக வரும் வெப்பத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. அதில் கண்ணாடியின் யூ மதிப்பை 6-ஆல் பெருக்குவார்கள். வெயிலுக்கான உறுப்பை 194-ஆல் பெருக்குவார்கள். இன்னொரு வியப்பும் அதில் இருக்கிறது. திசைக்கு ஏற்ப ஒரு திருத்த எண் உண்டு. கிழக்குக்கு 1.23, மேற்குக்கு 0.94. மாலை வெயில்தானே கடுமை என்று நாம் நினைக்கிறோம். நம் வானிலையில் பிற்பகலில் மேகம் திரண்டு மழையும் வந்துவிடுவதால், ஆண்டுக் கணக்கில் காலை வெயில்தான் அதிகம் விழுகிறது. கிழக்குச் சுவரை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் வெயிலைத் தடுக்கும் கருத்த கண்ணாடியைப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். கருத்த பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்றின் சூரிய வெப்பக் கெழு 0.40 என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடிதான், யூ மதிப்பு 5.5. கணக்குப் போட்டால் 200 கூட்டல் 33, மொத்தம் 233 வாட். விலை கூடிய சாதாரண இரட்டைக் கண்ணாடியை அது எளிதாகத் தோற்கடித்துவிடுகிறது!

ஆனால் அதன் ஒளி ஊடுருவல் 0.20 தான். சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேசை இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி (ஒளி ஊடுருவல் 0.88) இருந்தபோது அந்த மேசையில் 600 லக்ஸ் வெளிச்சம் விழுந்தது என்று வைத்துக்கொண்டால், கருத்த கண்ணாடியில் 136 லக்ஸ்தான் விழும். அலுவலக வேலைக்கு 300 முதல் 400 லக்ஸ் வேண்டும். விளைவு, வெளியே வெயில் கொளுத்த, உள்ளே நாள் முழுவதும் விளக்கு எரியும். விளக்குக்கும் மின்சாரம், விளக்கு வெளியிடும் வெப்பத்தைத் துரத்தக் குளிர்சாதனத்துக்கும் மின்சாரம். எட்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு வானம் எப்போதும் மழை மூட்டமாகவே தெரியும். மின்கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒளியை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் தடுக்க முடியாதா? ஓரளவு முடியும். தரைக்கு வரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி. மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிர். அது வெளிச்சம் தராது, சூடு மட்டும் தரும். கண்ணாடியின் மேல் சில நானோமீட்டர் தடிப்பில் வெள்ளியைப் படலமாகப் பூசினால், அது ஒளியை விட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இத்தகைய நல்ல வெள்ளிப்பூச்சு இரட்டைக் கண்ணாடிக்கு ஒளி ஊடுருவல் 0.60, சூரிய வெப்பக் கெழு 0.30, யூ மதிப்பு 1.6 என்ற அளவில் கிடைக்கும். நம் சுவரில் அது 150 கூட்டல் 10, மொத்தம் 160 வாட். பதினெட்டுக்குப் பதில் ஏழு குளிர்சாதனங்கள் போதும். மேசையிலோ சுமார் 410 லக்ஸ் இருக்கிறது, விளக்கை அணைத்து வைக்கலாம்.

ஒளி ஊடுருவலைச் சூரிய வெப்பக் கெழுவால் வகுத்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடிக்கு 1.07, கருத்ததற்கு 0.5, வெள்ளிப்பூச்சுக்கு 2. தேர்வுக்கு என்னைக் கேட்டால், முதலில் சூரிய வெப்பக் கெழு, அடுத்து இந்த வகுத்தல் விடை, கடைசியாகத்தான் யூ மதிப்பு. இந்த விடை இரண்டுக்கு மேல் வெகுதூரம் போகாது. உள்ளே வரும் ஒளியும் ஆற்றல்தான், மேசையிலும் தரையிலும் பட்டு அதுவும் கடைசியில் வெப்பமாகிவிடும். 'முழு ஒளி, துளி வெப்பமில்லை' என்று யாராவது சொன்னால் அது இயற்பியலுக்கு ஒத்துவராது.

வெள்ளிப்பூச்சு இரட்டைக் கண்ணாடியாக வருவது ஏன்? நம் ஊரில் முக்கியக் காரணம் யூ மதிப்பு அல்ல, பாதுகாப்பு. மென்மையான வெள்ளிப் படலம் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். அதனால் இரு கண்ணாடிகளுக்கு நடுவே, மூடிய இடைவெளிக்குள் அதை ஒளித்து வைக்கிறார்கள். யூ மதிப்புக்கு இங்கே ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. ஒற்றைக் கண்ணாடி உட்குளிரால் சில்லிட்டால் அதன் வெளிப்புறத்தில் நீர்த்துளி படியும். இரட்டைக் கண்ணாடியில் அது குறைவு.

பொருத்தும்போது ஒரு தவறு நடக்கக்கூடும். இரண்டு கண்ணாடிகளுக்கு மொத்தம் நான்கு பரப்புகள். வெளியிலிருந்து எண்ணினால் பூச்சு இரண்டாவது பரப்பில் இருக்க வேண்டும். அலகைத் திருப்பி மாட்டிவிட்டால் அது மூன்றாவது பரப்பாகிவிடும். அப்போது யூ மதிப்பு மாறாது. ஆனால் பூச்சு உறிஞ்சும் வெப்பம் உள்கண்ணாடியைச் சூடாக்கும், உட்கார்ந்திருப்பவர் பக்கம் அந்தச் சூடு வரும், சூரிய வெப்பக் கெழு கூடிவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்டுபிடிக்கக் கைப்பேசி விளக்கு போதும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று விளக்கைச் சற்றுச் சாய்வாகக் காட்டினால் நான்கு பிம்பங்கள் தெரியும். அவற்றில் ஒன்றின் நிறம் மட்டும் மாறியிருக்கும். உங்களுக்கு அருகிலிருந்து எண்ணும்போது அது இரண்டாவதாக இருந்தால் சரி, மூன்றாவதாக இருந்தால் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

இத்தனை சொன்ன பிறகும், கிழக்குச் சுவர் முழுவதும் கண்ணாடியாக இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மிகச் சிறந்த கண்ணாடியும் 160 வாட்டை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 100 சதுர மீட்டரை 60 ஆகக் குறைத்தால் 16,000 வாட் 9,600 ஆகிவிடும். மீதி இடத்தில் வரும் சுவர் வழியாகவும் கொஞ்சம் வெப்பம் வரும், கண்ணாடி அளவுக்கு வராது. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே அதை நிறுத்துவது இன்னும் நல்லது. புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைர வடிவக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால் மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல் தருகிறது. நிழலில் இருக்கும் கண்ணாடிக்கு 500 வாட் வெயிலே கிடையாது, வானத்தின் வெளிச்சம் மட்டுமே.

உள்ளே தொங்கும் திரைச்சீலை அந்த வேலையைச் செய்யாது. வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதானே அது திரையில் படுகிறது! கண்கூச்சம் தாங்காமல் ஊழியர் ஒருவர் காலை 9 மணிக்குத் திரையை இழுத்துவிடுவார். வெயில் மாறிய பிறகும் பெரும்பாலும் யாரும் அதைத் திறப்பதில்லை. 0.60 ஒளி ஊடுருவலுக்குக் கொடுத்த காசு அன்றைக்கு வீண். அடுத்த முறை காலை 10 மணி வாக்கில் பேருந்தில் நகரத்துக்குள் போகும்போது கண்ணாடிக் கட்டடங்களின் கிழக்குப் பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். எத்தனை சன்னல்களில் திரை இறங்கியிருக்கிறது, திரையின் இடுக்கில் எத்தனை விளக்குகள் எரிகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.