மாறாத முகத்தைச் சந்தேகிக்கட்டும்

"தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நம் கடமை முடிந்ததாக இருக்கிறோம். கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்திலோ எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். மூன்று வாரமாகத் தினமும் "சாப்ட்டியா?" என்று விசாரிக்கும் இன்ஸ்டாகிராம் தோழி அவளுக்குத் தெரியாதவள் இல்லை. அந்த முகம் அவளுக்கு மனப்பாடம். நம் அறிவுரை வேறு யாரையோ பற்றியது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

அந்த முகத்தைச் சந்தேகப்படத்தான் நாம் சொல்லித்தர வேண்டும். தயங்குகிறோம். பிள்ளையின் மனதில் விஷத்தை விதைக்கலாமா என்று ஒரு கூச்சம். இந்தக் கூச்சம் பிள்ளைக்கு உதவாது, ஏமாற்றுகிறவனுக்குத்தான் உதவும்.

ஆனால் எதைச் சந்தேகிப்பது என்பதில் நாமே குழம்பியிருக்கிறோம். காதுத் தோடு இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா, பல்வரிசை சரியாக இருக்கிறதா என்று போட்டோவைத் துருவச் சொல்லித் தரும் வீடியோக்கள் ஏராளம். அவற்றை நம்பிப் பிள்ளையைக் களத்தில் இறக்குவது பொறுப்பில்லாத செயல். 2019 பிப்ரவரியில் ஒரு இணையதளம் வந்தது. பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உலகில் இல்லாத ஒருவரின் முகத்தைக் கணினி வரைந்து காட்டியது. அந்த முகங்களில் கண்கள் எப்போதும் படத்தின் ஒரே இடத்தில் நிற்கும் என்பதை வைத்துச் சிலகாலம் கண்டுபிடிக்க முடிந்தது. 2022இல் சோஃபி நைட்டிங்கேல், ஹானி ஃபரீத் என்ற இரு ஆய்வாளர்கள் உண்மை முகங்களையும் இத்தகைய முகங்களையும் கலந்து மக்களிடம் காட்டினார்கள். சரியாகச் சொன்னது 48 சதவீதம்தான், காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னதைவிட மோசம். பயிற்சி கொடுத்த பிறகும் 59 சதவீதத்தைத் தாண்டவில்லை. போலி முகங்களைத்தான் மக்கள் சற்று அதிகமாக நம்பினார்கள் என்பது அதைவிடக் கவலை தரும் முடிவு. வளர்ந்தவர்களின் கண்ணே இப்படி என்றால் பதின்மூன்று வயதுக் கண்ணிடம் என்ன எதிர்பார்ப்பது?

எனவே முகத்தின் அழகை விட்டுவிட்டு, அந்த முகம் வாழ்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். நிஜமான பதினான்கு வயதுப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே இருக்கும். பொங்கலுக்கு ஒரு படம், தேர்த் திருவிழாவில் ஒரு படம், தலைமுடியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு அம்மாவிடம் திட்டு வாங்கிய அன்று ஒரு படம். தோழிகள் எடுத்த மங்கலான படத்தில் பாதி முகம் மட்டும் தெரியும், அதில் இவளை டேக் செய்திருப்பார்கள். படத்தைத் திருடி வைத்திருப்பவனிடம் இருப்பு குறைவு. யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து எடுத்த நான்கைந்து படங்கள்தான். அவை தீர்ந்ததும் முகம் அப்படியே உறைந்துவிடும். கணினி வரைந்த முகம் என்றால், அதே ஆளை வேறு இடத்தில், வேறு சட்டையில், நாலு பேரோடு நம்பும்படி காட்ட இன்னும் உழைக்க வேண்டும். பலர் அதற்கு மெனக்கெடுவதில்லை.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். சிதம்பரத்துப் பிள்ளை ஒருத்திக்குக் கடலூர் மாணவி என்ற பெயரில் ஒரு நட்பு அழைப்பு வருகிறது. முகம் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது, இரண்டு மாதமாக அதே படம். முதலில் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். வேறு பெயரில், வேறு ஊரில் அதே முகம் கிடைத்தால் விஷயம் முடிந்தது. கிடைக்காவிட்டால் நம்பலாம் என்று அர்த்தமில்லை. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கலாம், புதிதாக வரைந்த முகமாகவும் இருக்கலாம். அடுத்து, பல கணக்குகளில் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதி இருக்கும். சேர்ந்த மாதமும், பெயரை எத்தனை முறை மாற்றியிருக்கிறார்கள் என்பதும் அதில் தெரியும். ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கணக்கு இரண்டு மாதம் முன்புதான் பிறந்தது, அதற்குள் பெயர் நான்கு முறை மாறிவிட்டது என்றால் அங்கேயே நிற்க வேண்டும். பிறகு ஊரைப் பற்றி ஒரு கேள்வி. கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ் எந்தெந்த ஊர் வழியாக வருகிறது? ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று தானாக வாயில் வர வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. கேள்வியைப் பிள்ளை கேட்கலாம், பதிலைத் தான் சொல்லிவிடக் கூடாது. எந்தப் பள்ளி, எந்த நிறுத்தம், டியூஷன் எத்தனை மணிக்கு என்று இந்தப் பேச்சின் நடுவிலேயே கறந்துவிடுவார்கள்.

வீடியோ காலில் பார்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று பெற்றோரே சொல்வதைக் கேட்கிறோம். தயவுசெய்து சொல்லாதீர்கள். முன்பே பதிவு செய்த வீடியோவை ஓட்டலாம், முகத்தையே மாற்றிக் காட்டவும் முடியும். அதைவிட, பிள்ளையின் முகத்தை அங்கே ஒருவன் பதிவு செய்துகொள்வான். மிரட்டலுக்கு வேண்டிய சரக்கு அப்படித்தான் சேர்கிறது.

மாறாத படம் எல்லாம் குற்றம் என்று ஆகிவிடக் கூடாது. நம் ஊரில் பாதிப் பெண்கள் ரோஜாப்பூவையோ நடராஜரையோ நடிகர் விஜயையோதான் வருடக்கணக்கில் டிபியாக வைத்திருக்கிறார்கள். சொந்த முகத்தைப் போடாதே என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள் அவர்கள். பூ யாரையும் ஏமாற்றவில்லை, தன்னை முகம் என்று சொல்லிக்கொள்ளவுமில்லை. சந்தேகம் வர வேண்டியது ஒரே ஒரு பளபளப்பான முகத்தைக் காட்டி, வேகமாக நெருங்கி, ரகசியம் கேட்கும் கணக்கின் மேல். அந்த முகத்துக்குச் சொந்தக்காரியும் படத்தைப் பறிகொடுத்தவளாக இருக்கலாம். அவளைத் திட்டிப் பதிவு போடுவது இன்னொரு அநியாயம்.

இத்தனையும் தெரிந்தாலும் போதாது என்பதற்கு நாகர்கோவில் காசி என்பவரின் வழக்கு இருக்கிறது. அவர் போட்டது தன் சொந்தப் படம்தான், ஜிம்மில் வளர்த்த உடம்போடு. சமூக வலைதளங்களில் பெண்களிடம் நெருங்கிப் பழகி, படங்களையும் வீடியோக்களையும் வைத்து மிரட்டினார். சென்னை மருத்துவர் ஒருவர் துணிந்து புகார் கொடுத்த பிறகே 2020 ஏப்ரலில் கைதானார். 2023 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. முகம் உண்மை, ஆள் பொய். படம் அசல் என்று நிரூபணமானாலும் பிள்ளையின் சந்தேகம் அங்கே தளரக் கூடாது. அவன் என்ன கேட்கிறான் என்பதே கடைசிச் சோதனை.

அந்தப் பெண்களில் பலர் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டால் விரல் நம் பக்கம்தான் திரும்பும். வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், ஊர் சிரிக்கும். மிரட்டுபவனின் ஆயுதம் இந்தப் பயம்தான், அதைத் தீட்டிக் கொடுப்பது நாம். பிள்ளை வந்து சொன்ன அன்று அடிக்கும் தகப்பன் அவனுக்குக் கூலி வாங்காத வேலைக்காரன். கடுமையாகச் சொல்கிறோம், தெரிந்தேதான் சொல்கிறோம்.

பிள்ளை சொன்னதும் அந்தக் கணக்கை ஆத்திரத்தில் பிளாக் செய்துவிட வேண்டாம். முதலில் உரையாடலையும் கணக்கின் பயனர் பெயரையும் இணைப்பையும் எடுத்து வையுங்கள். பெயர் நாளைக்கே மாறிவிடும். பிள்ளையின் அந்தரங்கப் படம் எதுவும் நடுவில் இருந்தால் அதை உறவினர் குழுவுக்கோ தெரிந்த போலீஸ்காரருக்கோ அனுப்பக் கூடாது, அதுவே சட்டப்படி சிக்கல். பிறகு 1098 அல்லது 1930க்கு அழையுங்கள், அல்லது கடலூரில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். குழந்தைகளைப் பாலியல் நோக்கத்தோடு இணைய உறவுக்குள் இழுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு குற்றம் என்கிறது, முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. காவல் நிலையப் படி ஏறும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். போனை அவளிடமே இருக்க விடுங்கள்.