அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டிய கணக்கு

காப்பீடு வைத்திருக்கும் குடும்பத்தினர் டிஸ்சார்ஜ் நாளில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "3 லட்சம் ரூபாய்க்குப் பாலிசி இருக்கிறது, பில் ஒன்றரை லட்சம்தான் ஆகியிருக்கிறது. பிறகு எதற்காக நாங்கள் இவ்வளவு பணம் கட்ட வேண்டும்?" இக்கேள்விக்கான விடை டிஸ்சார்ஜ் நாளில் உருவாவதன்று. அதன் பெரும்பகுதி, நோயாளி சேர்க்கப்பட்ட நாளில் அறையைத் தேர்ந்தெடுத்தபோதே முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்தக் கணக்கைச் சேர்க்கையின்போதே குடும்பத்தாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

விரிவான பில் பல பக்கங்களுக்கு நீண்டாலும், காப்பீட்டு நிறுவனம் அதை நான்கு பிரிவுகளாகவே படிக்கிறது. முதலாவது, அறை வாடகை. இரண்டாவது, அறையின் தரத்துக்கேற்ப மாறும் கட்டணங்கள்: அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர் ஆகியோரின் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், மருத்துவர் பார்வையிடும் கட்டணம் போன்றவை. மூன்றாவது, மருந்துகள், சிகிச்சையில் செலவாகும் பொருள்கள், பரிசோதனைகள். நான்காவது, காப்பீட்டில் சேராத பொருள்கள்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. 65 வயதான ஒருவர் பித்தப்பை அறுவை சிகிச்சைக்காக 5 நாள் தங்குகிறார். அவருடைய காப்பீட்டுத் தொகை 3 லட்சம் ரூபாய். ஒரு நாள் அறை வாடகை அதில் 1 விழுக்காட்டுக்கு, அதாவது 3,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்றும், ஏற்கப்படும் தொகையில் 20 விழுக்காட்டை நோயாளியே செலுத்த வேண்டும் என்றும் பாலிசி கூறுகிறது. பின்னதைத்தான் கோ-பேமென்ட் என்கிறோம். குடும்பத்தார் 5,000 ரூபாய் அறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாளொன்றுக்கு 2,000 வீதம் 5 நாளுக்கு 10,000 ரூபாய்தானே கூடுதல் என்பது அவர்கள் எண்ணம்.

பில் 1,50,000 ரூபாய் வருகிறது. அறை வாடகை 25,000. அறையைச் சார்ந்த கட்டணங்கள் 75,000. மருந்தும் பரிசோதனையும் 45,000. காப்பீட்டில் சேராதவை 5,000. இந்த 5,000 முதலிலேயே நீக்கப்படுகிறது. வாடகையில் 15,000 மட்டுமே ஏற்கப்படுகிறது. குடும்பத்தார் எதிர்பாராதது அடுத்த படியில் நிகழ்கிறது. 5,000 ரூபாய் அறைக்கு 3,000 ரூபாயே தகுதி என்பதால், அதே 60 விழுக்காட்டு விகிதம் அறையைச் சார்ந்த கட்டணங்களுக்கும் பொருத்தப்படுகிறது. 75,000 ரூபாயில் 45,000 மட்டுமே நிற்கிறது. இதற்கு விகிதக் கழிவு என்று பெயர். மருந்தும் பரிசோதனையும் சேர்ந்த 45,000 குறையாமல் ஏற்கப்பட, மொத்தம் 1,05,000 ஆகிறது. அதில் 20 விழுக்காடான 21,000 ரூபாய் கோ-பேமென்ட். ஆக, நிறுவனம் 84,000 தருகிறது. குடும்பம் 66,000 கட்டுகிறது.

அவர்கள் 3,000 ரூபாய் அறையில் தங்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வாடகை 15,000. அறையைச் சார்ந்த கட்டணங்கள் அந்த அறைக்குரிய விகிதப்படி 60,000 என்று கொள்வோம். மற்றவை மாறவில்லை. பில் 1,25,000; சேராதவை போக ஏற்கப்படுவது 1,20,000; கோ-பேமென்ட் 24,000. குடும்பம் கட்டுவது 29,000 மட்டுமே. 10,000 ரூபாய் என்று எண்ணிய வேறுபாடு, உண்மையில் 37,000 ரூபாய் ஆகியிருக்கிறது.

விகிதக் கழிவுக்கு எல்லைகள் உண்டு. மருந்துகள், சிகிச்சைப் பொருள்கள், உடலில் பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் மீது அதைச் செலுத்தலாகாது என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் வகுத்தது. ஐ.சி.யு. கட்டணத்துக்கும், அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தாது. பாலிசி ஆவணத்தில் 'தொடர்புடைய மருத்துவச் செலவுகள்' என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் இதைக் காணலாம். மேற்கண்ட கணக்கில் மருந்து, பரிசோதனைத் தொகையான 45,000 ரூபாயையும் 60 விழுக்காடாகக் குறைத்திருந்தால், நிறுவனம் தருவது 69,600 ரூபாயாகச் சுருங்கி, குடும்பத்துக்கு 14,400 ரூபாய் இழப்பு ஏற்பட்டிருக்கும். எனவே கேஷ்லெஸ் முறையில் வரும் இறுதி ஒப்புதல் கடிதத்தைப் பெற்று, எந்தத் தலைப்பில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருந்துத் தலைப்பில் விகிதக் கழிவு தென்பட்டால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்; சென்னையில் அவருக்கு அலுவலகம் உள்ளது.

நான்காவது பிரிவுக்கு வருவோம். காப்பீட்டில் சேராத பொருள்கள் பாலிசியின் இணைப்பில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. டயபர், கையுறை, முகக்கவசம், உடன் இருப்போரின் உணவு போன்றவை அவற்றுள் அடங்கும். அப்பட்டியலில் கவனிக்க வேண்டிய ஒன்று, விவரம் தரப்படாத 'கிட்'. பில்லில் 'ரெகவரி கிட்' என்று ஒற்றை வரியில் எழுதினால், அதற்குள் ஏற்கத்தக்க பொருள்கள் இருந்தாலும் அந்த வரி முழுவதும் தள்ளப்படக்கூடும். உள்ளடக்கத்தைப் பிரித்து எழுதித் தருமாறு பில்லிங் பிரிவில் கேட்பது நோயாளியின் உரிமை. பெயர்ப்பட்டை, கோப்புத் திறப்பு, டிஸ்சார்ஜ் நடைமுறை போன்றவை அறைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்க வேண்டியவை என்று மற்றொரு பட்டியல் கூறுகிறது. அவை தனி வரியாக வந்திருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

கோ-பேமென்ட் விழுக்காட்டை மருத்துவமனையில் மாற்ற இயலாது. அது பாலிசி எடுத்தபோதே முடிவானது. அறையின் நிலை அப்படியன்று. சேர்க்கை நாளில் அது இன்னும் நம் கையில் இருக்கிறது. ஆனால் அப்போது குடும்பத்தார் நோயின் கவலையில் இருக்கிறார்கள். பாலிசியைப் புரட்டும் மனநிலை அவர்களுக்கு இராது. அறையைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் விருப்பம், அதில் மருத்துவமனை தலையிடலாகாது என்று சிலர் வாதிடுவதுண்டு. விளைவைத் தெரிவிப்பது தலையீடு ஆகாது என்பதே எங்கள் பதில். தெரிந்து தேர்ந்தெடுப்பவரின் விருப்பத்தைத்தான் விருப்பம் என்று சொல்ல முடியும்.

ஆதலால் செலவு மதிப்பீட்டுத் தாளில் மூன்று செய்திகள் எழுத்தில் இடம்பெற வேண்டும் என்கிறோம்: நோயாளியின் பாலிசி அனுமதிக்கும் ஒரு நாள் வாடகை, கேட்ட அறையின் வாடகை, இரண்டுக்கும் ஏற்பக் குடும்பம் கட்ட நேரும் தொகை. செவிலியர் கட்டணத்தையும் இதில் சேர்க்க வேண்டும். பல பாலிசிகளில் வாடகை வரம்பு செவிலியர் கட்டணத்தையும் உள்ளடக்கியது. 3,000 ரூபாய் அறைக்குச் செவிலியர் கட்டணம் 800 ரூபாய் தனியே வந்தால், வரம்பு அங்கேயே மீறப்பட்டுவிடும். இத்தாள் தரப்படாத இடத்தில் குடும்பத்தார் தாமே கேட்டுப் பெறட்டும். அறைச் சாவியை வாங்குவதற்கு முன் கேட்டால் மட்டுமே அதனால் பயன் உண்டு.