லயபிலிட்டின்னா கடமையா?

தங்கச்சி சட்டம் படிக்கிறா. ஜூரிஸ்புருடன்ஸ் பேப்பருக்குப் படிக்கும்போது ஒரு "பொருத்துக" கேள்வியைக் கொண்டு வந்தா. ஒரு பக்கம் ஹோஃபெல்ட் சொன்ன உரிமை, கடமை, அதிகாரம், லயபிலிட்டி. எதிர்ப்பக்கம் நாலு குட்டி உதாரணம். அதுல ஒண்ணு: "குமார் தன் பைக்கை 20,000 ரூபாய்க்குத் தருவதாக செல்வத்துக்குக் கடிதம் எழுதுகிறார். குமாரின் நிலை என்ன?" அவ கடமைன்னு போட்டிருந்தா. புத்தகத்துல விடை லயபிலிட்டி.

"ஏண்ணா, லயபிலிட்டின்னா பொறுப்பு. பொறுப்பும் கடமையும் ஒண்ணுதானே?"

இங்கதான் சிக்கலே. அந்த வார்த்தையைப் பார்த்ததும் நமக்குக் கடனும் நஷ்டஈடும்தான் ஞாபகம் வருது. ஹோஃபெல்ட் 1913ல் எழுதின கட்டுரையில அதுக்கு அர்த்தமே வேற. என் சட்ட நிலையை இன்னொருத்தர் தன் செயலால மாத்த முடியும்னா, அவர்கிட்ட இருக்கிறது அதிகாரம், என்கிட்ட இருக்கிறது லயபிலிட்டி. அது கெட்டதா இருக்கணும்னு அவசியமில்லை. குமார் காத்திருக்கிறதே செல்வம் சொல்லப்போற அந்த "சரி"க்குத்தானே!

கடிதம் கைக்கு வந்ததும் செல்வத்துக்கு பைக் மேல உரிமை எதுவும் வந்துடலை. குமாருக்கும் பைக்கைக் கொடுக்கிற கடமை இல்லை. ஆனா செல்வம் சம்மதிச்சு ஒரு கடிதம் போட்டா நிலைமையே மாறிடும். அதுக்கப்புறம் பைக்கைக் கேட்கிறது செல்வத்தோட உரிமை, கொடுக்கிறது குமாரோட கடமை. பணத்துக்கு இதே கதை தலைகீழா. அதாவது உரிமை-கடமை ஜோடி இப்போ இருக்கிற நிலைமையைச் சொல்லுது. அதிகாரம்-லயபிலிட்டி ஜோடி அந்த நிலைமையை யார் மாத்தலாம்னு சொல்லுது. புரோகிராம் எழுதுறவங்களுக்கு, முதலாவது வேரியபிள்ல இருக்கிற மதிப்பு, ரெண்டாவது அதை மாத்துற ஃபங்ஷனைக் கூப்பிடுற அனுமதி.

ஆனா அந்தக் கேள்வி மேலேயும் எனக்கு ஒரு குறை உண்டு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் 5வது பிரிவுப்படி, செல்வம் சம்மதக் கடிதத்தைத் தபால்ல போடுற வரைக்கும் குமார் தன் முன்மொழிவை வாபஸ் வாங்கலாம். அதுவும் ஒரு அதிகாரம்தான்! அப்போ "குமாரின் நிலை என்ன"ன்னு மொட்டையா கேட்டா, லயபிலிட்டியும் சரி, அதிகாரமும் சரி. "செல்வத்தின் சம்மதத்தைப் பொறுத்தவரை" அப்படின்னு ரெண்டு வார்த்தை சேர்த்திருந்தா ஒரே விடைதான் வரும். ஏன்னா ஹோஃபெல்டோட ஒவ்வொரு ஜோடியும் ரெண்டு பேருக்கு நடுவுல, ஒரு குறிப்பிட்ட செயலைப் பத்தினது. ஆளுக்கு ஒரு லேபிள் ஒட்டுற வேலை இல்லை.

அதனால அட்டவணையை மனப்பாடம் பண்றதை விட ரெண்டு கேள்வி கேட்டுக்கிறது நல்லதுங்கிறது என் கட்சி. இப்பவே யாராவது எதையாவது செஞ்சாகணுமா? ஆமான்னா கடமை. இல்லைன்னா, யார் என்ன செஞ்சா அந்தக் கடமை பிறக்கும்? அதைச் செய்யக்கூடியவர்கிட்ட அதிகாரம், எதிர்ல நிக்கிறவர்கிட்ட லயபிலிட்டி.

தங்கச்சி கடைசியா கேட்டா: "அப்போ கேள்வியே தப்புன்னா பரீட்சையில என்னண்ணா எழுதுறது?" லயபிலிட்டின்னே எழுதும்மான்னு சொல்லிட்டேன். மார்க் முக்கியமாச்சே! வக்கீல் நண்பர்கள் யாராவது படிச்சா, நான் சொன்னதுல தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க.