ஓர் எறும்பு கடித்ததற்காகப் புற்றையே எரிக்கலாமா?

நம் ஊரில் நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் சில வாரங்களுக்கு முன் எட்டாம் வகுப்பின் மின்விசிறி ஒன்று உடைந்தது. மதிய இடைவேளையில் சில மாணவர்கள் ஓடிக்கொண்டிருந்த விசிறியின்மீது தண்ணீர்ப் புட்டியை எறிந்து விளையாடியிருக்கிறார்கள். இறக்கைகள் வளைந்து, விசிறி கொக்கியிலிருந்து சரிந்து தொங்கியது. அல்லாஹ்வின் அருளால் எவர் தலையிலும் விழவில்லை. யார் செய்தது என்று வகுப்பாசிரியர் கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் வகுப்பு முழுமைக்கும் தண்டனை அறிவிக்கப்பட்டது: ஒவ்வொருவரும் 100 ரூபாய் கொண்டுவர வேண்டும், இரண்டு வாரத்திற்கு விளையாட்டு வகுப்பு கிடையாது.

அவ்வகுப்பில் 41 மாணவர்கள். அன்று மூவர் பள்ளிக்கே வரவில்லை. பன்னிருவர் அந்நேரத்தில் லுஹர் தொழுகைக்காகப் பள்ளிவாசலில் இருந்தார்கள். அவர்களை வரிசையாக அழைத்துச் சென்றவர் அதே பள்ளியின் அரபி ஆசிரியர். அப்பன்னிருவரில் ஒருவன் வீட்டிற்கு வந்து, "அத்தா, நான் லுஹர்லதானே இருந்தேன், எனக்கு எதுக்கு அபராதம்?" என்று கேட்டிருக்கிறான். தந்தைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பணத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு நம்மிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

ஆசிரியரைக் கொடுமைக்காரராகச் சித்திரிப்பது எளிது, அது நியாயமாகாது. பெற்றோர் கூட்டத்தில் அவர் கூறிய காரணங்களை நாம் செவிமடுத்தோம். நாற்பது நிமிடப் பாடவேளையில் 41 பேரை வைத்துக்கொண்டு புலன் விசாரணை நடத்த அவருக்கு நேரமில்லை. இன்று விட்டுவிட்டால் நாளை குழல் விளக்கு உடையும் என்று அஞ்சினார். எல்லாவற்றிற்கும் மேலாக, "பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பொறுப்பாளிகள்தானே? கப்பல் ஹதீஸை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லையா?" என்று கேட்டார். இது கனமான கேள்வி. ஆகவே அந்த ஹதீஸிலிருந்தே தொடங்குவோம்.

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியில் பதிவாகியுள்ள அந்த உவமையை நாம் அனைவரும் அறிவோம். கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க ஒவ்வொரு முறையும் மேல்தளத்தாரைக் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தொல்லை தராமல் நம் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று எண்ணுகிறார்கள். மேல்தளத்தார் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கைகளைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள். இங்கே நபி (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டுவது விளைவை. ஓட்டை விழுந்தால் கடல்நீர் நல்லவன் கெட்டவன் என்று பார்த்து உள்ளே வராது. ஓட்டை போட்டவர் யாரென்று தெரியாததால் கப்பலின் தலைவர் எல்லோரையும் கடலில் தள்ளலாம் என்று அந்த உவமையில் எங்கும் இல்லை. அநீதி இழைத்தவர்களை மட்டுமே பிடிக்காத சோதனையைக் குறித்து எச்சரிக்கும் 8:25ஆம் வசனமும் இத்தகையதே. அது இறைவனின் ஏற்பாட்டைப் பற்றிய எச்சரிக்கை. அந்தச் சோதனையாகத் தம்மையே நியமித்துக்கொள்ளும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் தரப்படவில்லை.

தீமையைக் கண்டால் கையால், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் என்ற ஹதீஸையும் அன்று ஒருவர் எடுத்துக் கூறினார். அதன் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும்: கண்டவருக்குத்தான் அக்கடமை. அதிலும் இயலும் அளவிற்கே. பள்ளிவாசலில் ஸஃப்பில் நின்றவன் காணவில்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தவனும் காணவில்லை. வகுப்பறையில் இருந்த 26 பேரில் கண்டவர்கள் உண்டு. அவர்களிலும் தன்னைவிட வலுவான மூன்று பேரைத் தடுக்க இயலாத மெலிந்த பிள்ளைகள் உண்டு. கண்டும், சொல்ல இயன்றும், ஆசிரியர் தனியாகக் கேட்டபோதும் மறைத்தவன் ஒருவன் இருந்தால், அந்த மறைப்பிற்கு அவன் பதில் சொல்லட்டும். அது அவனுடைய சொந்தக் குற்றம். விசிறியை உடைத்த குற்றம் அப்போதும் அவனுடையதாகாது. ஆனால் இந்த நிகழ்வில் யாரும் தனியாகக் கேட்கப்படவே இல்லை.

ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்ற கோட்பாட்டைத் திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, 6:164, 17:15, 35:18, 39:7, 53:38 என ஐந்து இடங்களில் எடுத்துரைக்கிறது. இதை மறுமைக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறே சான்று. அரசரின் அளவைக் குவளை காணாமற்போனதும் அறிவிப்பாளர் ஒருவர் ஒட்டகக் கூட்டம் முழுவதையும் நோக்கித் திருடர்கள் என்று கூவுகிறார். அதன்பின் நடப்பதைப் பாருங்கள். மூட்டைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. புன்யாமீனின் மூட்டையில் குவளை கிடைக்கிறது. அது தம்பியைத் தம்மிடம் தங்கவைப்பதற்கான ஏற்பாடு என்பது நமக்குத் தெரியும், சகோதரர்களுக்குத் தெரியாது. தந்தையின் முதுமையைச் சொல்லி, இவனுக்குப் பதிலாக எங்களில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் மன்றாடுகிறார்கள். தாமாக முன்வந்து தரப்பட்ட அந்த மாற்று ஆளைக்கூட யூஸுஃப் (அலை) ஏற்கவில்லை. பொருள் யாரிடம் கிடைத்ததோ அவரை விட்டு வேறொருவரைப் பிடித்தால் நாம் அநீதி இழைத்தவர்களாகிவிடுவோம் என்று கூறி, அதிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறார்கள் (12:79). விரும்பி வந்தவரைத் தண்டிப்பதே அநீதி என்றால், விரும்பாத 41 பேரின் நிலை என்ன?

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ள எறும்பு ஹதீஸ் இன்னும் நேரடியானது. முன்வாழ்ந்த நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்தப் புற்றையே எரிக்க உத்தரவிட்டார். கடித்தது ஓர் எறும்பு. அதற்காகத் துதிசெய்யும் ஒரு சமுதாயத்தையே அழித்தீரா என்று இறைவன் கண்டித்தான். ஓர் அறிவிப்பில், அந்த ஓர் எறும்போடு நிறுத்தியிருக்கலாகாதா என்ற கேள்வியும் வருகிறது. கடித்த எறும்பு எது என்று கண்டுபிடிப்பது எளிதன்று என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சிரமம் புற்றை எரிப்பதற்கான அனுமதியாகவில்லை.

இதற்கு மாறாக, நம் மார்க்கச் சட்டத்தில் கூட்டுப் பொறுப்பே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆகிலா எனும் ஏற்பாட்டை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். ஒருவர் தவறுதலாக ஓர் உயிரைப் போக்கிவிட்டால், இறந்தவரின் குடும்பத்திற்கான ஈட்டுத்தொகையைக் கொன்றவரின் தந்தைவழி ஆண் உறவினர்கள் பகிர்ந்து செலுத்துவார்கள். மூன்று ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம். சிறுவர்கள்மீதும் ஏழைகள்மீதும் அது சுமத்தப்படுவதில்லை. இங்கே பகிரப்படுவது இழப்பு மட்டுமே. அதே மனிதர் வேண்டுமென்றே கொன்றிருந்தால் ஆகிலா விலகிக்கொள்கிறது. அவர் செயலுக்கு அவரே பொறுப்பு. இழப்பைச் சேர்ந்து தாங்கலாம், குற்றத்தைச் சேர்ந்து தாங்க முடியாது என்ற இந்த எல்லைக்கோட்டை நம் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டார்கள்.

இந்தக் கோட்டை வைத்து அந்த 100 ரூபாயை அளந்து பார்ப்போம். புதிய விசிறிக்கும் மாட்டுக்கூலிக்கும் சேர்த்து ஆன செலவு 2,400 ரூபாய். வசூலானது 4,100 ரூபாய். இழப்பீடு என்றால் 2,400 ரூபாயோடு நின்றிருக்கும். மிகுதி 1,700 ரூபாய் தண்டனையைத் தவிர வேறு எதுவாக இருக்க முடியும்? விளையாட்டு வகுப்பை நிறுத்தியதும் அவ்வாறே. விசிறி மாட்டும்வரை அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தால் அது பாதுகாப்பு நடவடிக்கை. ஆபத்து நீங்கியதும் தானே முடிந்துவிடும். விளையாட்டு வகுப்பிற்கும் விசிறிக்கும் அத்தகைய தொடர்பு எதுவுமில்லை. வருத்த வேண்டும் என்பதற்காகவே அது பறிக்கப்பட்டது.

அதன் பலன் என்ன? உடைத்தவர்கள் தம் செயலின் விலை 41 பங்காகப் பிரிந்து தமக்கு 100 ரூபாய் மட்டுமே ஆவதைக் கண்டார்கள். தொழச் சென்றவன், சென்றதும் செல்லாததும் ஒன்றுதான் என்று கண்டான். வகுப்பில் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். யாரோ சொல்லிவிட்டான் என்ற வதந்தியில், சொல்லாத ஒரு பிள்ளையின் புத்தகப்பை கழிப்பறையில் வீசப்பட்டது. ஆசிரியர் எதிர்பார்த்த மாணவக் கட்டுப்பாடு ஒருவகையில் வந்தேவிட்டது, வலியவன் எளியவனைத் தண்டிக்கும் வடிவில்.

இந்தச் செய்தி நம்மை உறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கோ ஒருவன் செய்த குற்றத்திற்காக நம் பெயரைக் கேட்டதும் வீடு வாடகைக்கு இல்லை என்று கதவு சாத்தப்படும்போது, அவன் செய்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்று கேட்பவர்கள் நாம். அந்தக் கேள்வியை நம் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளை நம்மிடமே கேட்கிறான்.

கூட்டத்தின் இறுதியில் தலைமையாசிரியர் ஒரு முயற்சிக்கு இசைந்தார். முதலில் வருகைப்பதிவேட்டையும் அரபி ஆசிரியரின் தொழுகைப் பட்டியலையும் வைத்து 15 பேர் நீக்கப்பட்டனர். மீதி 26 பேரிடம் ஆளுக்கொரு தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம். இடைவேளையில் எங்கே இருந்தாய், எதைப் பார்த்தாய் என்று மட்டும் எழுதச் சொல்லப்பட்டது. பார்த்தவன் மட்டும் எழுதினால் அவனை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், பார்க்காதவன் பார்க்கவில்லை என்று எழுத வேண்டும் என்பது நிபந்தனை. சத்தியம் செய்யச் சொல்லக் கூடாது என்று நாம் கேட்டுக்கொண்டோம். அச்சத்தில் பொய்ச் சத்தியம் செய்யும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளக் கூடாது. தாளில் வந்த பெயரையும் தீர்ப்பாகக் கொள்ளாமல், அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒன்றும் வெளிவராவிட்டால்? செலவைப் பள்ளி ஏற்க வேண்டும், எவரையும் தண்டிக்கக் கூடாது என்றோம். தண்டிப்பதில் தவறுவதைவிட மன்னிப்பதில் தவறுவது மேல் என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் நிலைப்பாடு. இதைச் சிலர் விரும்பவில்லை. பிள்ளைகளுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்றார்கள். அந்த அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.

அந்த முயற்சி முழுவதற்கும் ஒரு பாடவேளை தேவைப்பட்டது. ஒன்பது தாள்களில் ஒரே மூன்று பெயர்கள் இருந்தன. தனியே அழைத்தபோது இருவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவன் மறுநாள் தன் தாயாருடன் வந்தான். ஆளுக்கு 800 ரூபாய் என முடிவாயிற்று. ஒருவனின் தந்தை கூலி வேலை செய்பவர் என்பதால் அவருக்கு மட்டும் மாதம் 200 ரூபாய்த் தவணை. மற்ற 38 பேருக்கும் அவர்கள் கொடுத்த 100 ரூபாய் உறையில் வைத்துத் திருப்பித் தரப்பட்டது. வகுப்பாசிரியர் தாமே ஒவ்வொரு மேசையாகச் சென்று அதைக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். விளையாட்டு வகுப்பு மட்டும் திரும்பவில்லை. அதற்குள் அந்த இரண்டு வாரமும் கழிந்துவிட்டிருந்தது.