ஹோஸ்டிங் வாங்கியதும் வரும் மெயில்: எந்த வரி முக்கியம்?

ஒகேனக்கல்லில் எட்டு அறைகள் கொண்ட ஒரு சின்ன விடுதி என்று வைத்துக்கொள்வோம். பென்னாகரத்தில் இருக்கும் உரிமையாளர், விடுதியின் வெப்சைட்டை புதிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றுகிறார். ஆடிப்பெருக்குக்கு இன்னும் மூன்று வாரம்தான். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் அறை கேட்டு மெயில் வந்துகொண்டிருக்கும் நேரம். பணம் கட்டிய சில நிமிடங்களில் 'வெல்கம்' மெயில் வந்துவிட்டது. வாழ்த்து, சலுகை, உதவிப் பக்க லிங்க் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் அதில் மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
Username: hglodge
Password: ********
Control Panel: https://203.0.113.25:2083
Server Name: srv7.example.net
Server IP: 203.0.113.25
Nameserver 1: ns1.example.net
Nameserver 2: ns2.example.net
```

முதல் இரண்டு வரிகள் சிபேனலுக்கானவை. வெப்சைட்டின் ஃபைல்கள் இருக்கும் இடம் அது. பலரும் இந்த பாஸ்வேர்டைத்தான் உயிர்போல் பாதுகாக்கிறார்கள். உண்மையில் இது தொலைந்தால் பெரிய கவலை இல்லை. பணம் கட்டிய கணக்கு, அதாவது 'கிளையன்ட் ஏரியா', அதற்குள் நுழைந்து பெரும்பாலும் நாமே மாற்றிவிடலாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் மறந்துவிட்டால்? அதை மாற்றும் லிங்க், பதிவு செய்தபோது கொடுத்த மெயில் முகவரிக்கு வரும். ஆக, எல்லாவற்றுக்கும் ஆணிவேர் அந்த முகவரிதான். அங்கே விடுதியின் சொந்த டொமைன் பெயரிலுள்ள முகவரியைக் கொடுத்திருந்தால், டொமைனில் கோளாறு வரும் அன்று அந்த லிங்க் வந்து சேராது. தனி ஜிமெயில் முகவரி கொடுப்பது நல்லது.

மூன்றாவது வரியைத் தொட்டால் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று பிரவுசர் பயமுறுத்தலாம். சான்றிதழ் சர்வரின் பெயருக்கு இருக்கும், எண்ணுக்கு இருக்காது. அதனால் `https://srv7.example.net:2083` என்று பெயரைப் போட்டுத் திறக்க வேண்டும்.

இனி நேம்சர்வர். மெயிலில் தடித்த எழுத்தில் 'இவற்றை உங்கள் டொமைனில் மாற்றுங்கள்' என்று இருக்கும். விடுதிக்காரர் டொமைனை வாங்கியது வேறொரு நிறுவனத்தில். அந்தக் கணக்கின் லாகின் இந்த வெல்கம் மெயிலில் இருக்காது. பழைய ரசீதைத் தேடி எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், விடுதியின் மெயில் ஓடுவது கூகுள் வொர்க்ஸ்பேஸில்.

நேம்சர்வர் என்பது டொமைனின் முகவரிப் புத்தகம் இருக்கும் இடம். வெப்சைட் எங்கே என்பதை அதில் `A` என்ற வரி சொல்லும். மெயில் எங்கே போகவேண்டும் என்பதை `MX` வரி சொல்லும். நேம்சர்வரை மாற்றினால் புத்தகமே மாறிவிடும். புதிய புத்தகத்தில் கூகுளின் `MX` வரி இருக்காது. வழக்கமாக, மெயிலும் புதிய சர்வருக்கே என்றுதான் எழுதியிருக்கும். அங்கே மெயில் பெட்டி எதுவும் திறக்கவில்லை என்பதால், அறை கேட்டு வரும் மெயில் பெரும்பாலும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வெப்சைட் ஜோராகத் திறக்கும். அதனால் உரிமையாளருக்குச் சந்தேகமே வராது. 'என்னங்க, மெயில் போட்டா திரும்பி வருதே' என்று யாராவது போன் செய்தால்தான் உண்டு.

உடனே பழையபடி மாற்றிவிடலாமே என்றால், அதுவும் சுலபமில்லை. `.com` பெயர்களுக்கு நேம்சர்வர் விவரத்தை மற்ற கணினிகள் 1,72,800 விநாடிகள், அதாவது 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம்.

இந்த விடுதிக்குத் தேவையான வரி ஒன்றே ஒன்று: `Server IP`. டொமைன் வாங்கிய நிறுவனத்தின் கணக்கில், டி.என்.எஸ். பக்கத்துக்குப் போய், `A` வரியில் உள்ள பழைய எண்ணை எடுத்துவிட்டு `203.0.113.25` போட்டால் போதும். `www` என்பதற்குத் தனி `A` வரி இருந்தால் அதிலும் அதே எண். நேம்சர்வரையும் `MX` வரியையும் தொடவே கூடாது. (டி.என்.எஸ். பழைய ஹோஸ்டிங் நிறுவனத்திடமே இருந்தால் இந்த வழி உதவாது. அதை மூடும்போது புத்தகமும் போய்விடும். அப்போது `MX`, `TXT` வரிகளை முதலில் புதிய இடத்தில் எழுதிவிட்டு, பிறகுதான் நேம்சர்வரை மாற்ற வேண்டும்.)

டி.என்.எஸ். யாரிடம் இருக்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். பிரவுசரில் `dns.google` திறந்து, டொமைன் பெயரைக் கொடுத்து, வகையில் `NS` என்று தேர்ந்தெடுத்தால் நேம்சர்வர்களின் பெயர் வரும். `MX` கொடுத்து, வரும் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. மாற்றிய பிறகு திரும்பவும் பார்த்தால் `A` புதிய எண்ணையும், `MX` பழைய பதிலையே அப்படியேயும் காட்ட வேண்டும். கடைசியாக, வேறொரு முகவரியிலிருந்து விடுதிக்கு ஒரு மெயில் அனுப்பி, வந்து சேருகிறதா என்று பார்த்துவிடலாம். பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரம் கழித்து ரத்து செய்தால் போதும்.