வாடகைக் கூடமும் கிளித்தட்டும்

லண்டனின் ஹாரோ பகுதியில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர் சனிக்கிழமைதோறும் ஒரு சிறிய கூடத்தை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள இருபது பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கழகம் நடத்துகின்றனர். கூட ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்ததும் அவர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு சாரார் கழகத்தை முழுமையான பூப்பந்துப் பயிற்சியாக மாற்ற விரும்புகின்றனர். மறு சாரார், பிள்ளைகள் அங்கும் ஆங்கிலமே பேசுவதால் கழகத்தையே நிறுத்திவிட்டு அப்பணத்தைத் தமிழ்ப் பள்ளிக்குத் தரலாம் என்கின்றனர். புலம்பெயர் பிள்ளைகளின் தமிழை ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் என்ற முறையில் என் கருத்தையும் கேட்டிருந்தனர். இதே நிலையில் உள்ள பிறருக்கும் உதவலாம் என்பதால் என் விடையை இங்குப் பொதுவில் எழுதுகிறேன்.

கழகத்தை நிறுத்த வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது ஆட்டத்தை. ஒரு கூடத்தில் பிள்ளைகள் எம்மொழியில் பேசுவர் என்பதைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பு முடிவு செய்வதில்லை. எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஆடுகின்றனர், ஆட்டத்தின் விதி பேச்சை வேண்டுகிறதா என்னும் இரண்டுமே முடிவு செய்கின்றன.

நான் வாழும் பெங்களூரிலிருந்தே சான்று காட்டலாம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபோது சென்னைப் படையோடு வந்து குடியேறிய தமிழர் பலர். அல்சூர், சிவாஜி நகர்த் தெருக்களில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் சரளமாகத் தமிழ் பேசுகின்றனர். அவர்களுள் தமிழ் எழுத்தைப் படிக்க இயலாதோர் ஏராளம். கன்னடமோ ஆங்கிலமோதான் அவர்களின் பள்ளிமொழி. எழுத்தறிவில்லாமலும் அம்மொழி தலைமுறைகளைக் கடந்ததற்குத் தெருவில் பிள்ளையோடு பிள்ளை பேசியது ஒரு முதன்மைக் காரணம் என்பது என் துணிபு. ஹாரோவில் நிலைமை தலைகீழ். அங்குள்ள பிள்ளை வார இறுதிப் பள்ளியில் திருக்குறளை ஒப்பிக்கிறது. ஆனால் மற்றொரு தமிழ்ப் பிள்ளையிடம் தமிழில் ஒரு சொல்லும் உரைப்பதில்லை.

லண்டன், டொராண்டோ, கலிஃபோர்னியா ஆகிய இடங்களில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களை ஆராய்ந்து சுரேஷ் கனகராஜா 2008இல் வெளியிட்ட கட்டுரை, மொழியைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் குடும்பத்தின் தோளில் ஏற்றுவது சரியன்று என வாதிட்டது. வீட்டில் பிள்ளை பெரும்பாலும் ஏவலைக் கேட்கும் இடத்தில் இருக்கிறது. 'வா', 'சாப்பிடு', 'படி' என்பவற்றை ஆயிரம் முறை கேட்டிருக்கும்; தன் வயதொத்த ஒருவரை நோக்கி அவற்றைச் சொல்லும் வாய்ப்பு அதற்கு வாய்த்திராது. பள்ளியிலோ 'ஓடுங்கள்', 'தாருங்கள்' என்னும் எழுத்து வழக்கே கிட்டும். நண்பனைப் பார்த்து 'ஓடுங்கள்' என்று எந்தப் பிள்ளையும் கத்தாது. ஆகவே சமவயதினருக்கான தமிழ் அதற்குக் கிடைப்பதே இல்லை. கழகம் நிரப்பக்கூடிய இடைவெளி இதுதான்.

இனி கூடத்திற்கு வருவோம். அதன் நீளம் 18 மீட்டர், அகலம் 10 மீட்டர். பூப்பந்தின் இரட்டையர் களம் 13.4 மீட்டர் நீளமும் 6.1 மீட்டர் அகலமும் கொண்டது. எனவே ஒரே ஒரு களம்தான் அமையும். வாடகை நேரமான 120 நிமிடங்களில் வலை கட்டுவதற்கும் அவிழ்ப்பதற்கும் கூடத்தைத் துப்புரவாக ஒப்படைப்பதற்கும் 30 நிமிடம் போய்விடும். எஞ்சிய 90 நிமிடத்தில் எக்கணத்திலும் நால்வர் மட்டுமே ஆடுவர். இருபது பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு 18 நிமிடம். மற்ற 72 நிமிடமும் சுவரோரத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அங்கு அவர்கள் பேசுவது பள்ளியையும் கைப்பேசி விளையாட்டையும் பற்றி. அவை ஆங்கிலத்தில் நிகழ்ந்தவை, ஆதலால் ஆங்கிலத்திலேயே பேசப்படும். களத்தில் இருப்போரும் பேசுவதில்லை. நன்றாக ஆடப்படும் பூப்பந்து ஏறக்குறைய மௌனமான ஆட்டம். போதாக்குறைக்கு, சிறிய கூடங்களின் கூரை தாழ்வானது. உயர அடித்த பந்து விளக்கில் மோதும். பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகின்றனர் என்று கழகத்தைக் குறை கூறுவோர் உண்மையில் குறை கூறுவது அந்த 72 நிமிடத்தையே.

கபடி நினைவுக்கு வரலாம். பெரியோர் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதால் இங்குச் சுவரை ஒட்டிவிடும். சிறுவர்க்கெனச் சுருக்கினாலும் விரிப்புகள் வேண்டும். அவற்றை வைத்துச்செல்ல வாடகைக் கூடத்தில் இடம் தரமாட்டார்கள். ஆறு பேர் வெளியே காத்திருப்பதும் தவிராது.

நான் முன்மொழிவது கிளித்தட்டு. ஈழத்திலும் தமிழகத்திலும் ஆடப்படும் இவ்வாட்டத்திற்குத் தரையில் கோடுகள் மட்டும் போதும். நீள்சதுரம் ஒன்றை வரைந்து, குறுக்குக் கோடுகளால் தட்டுகளாகப் பிரித்து, நடுவே நெடுகிலும் ஒரு கோடு இழுக்க வேண்டும். மறிக்கும் அணியினர் குறுக்குக் கோட்டுக்கு ஒருவராக நிற்பர். தத்தம் கோட்டை விட்டு நகரலாகாது. முதற்கோட்டில் நிற்பவர் கிளி. அவர் மட்டும் நடுக்கோட்டிலும் ஓடித் தொடலாம். எதிரணியினர் தொடுபடாமல் எல்லாக் கோடுகளையும் கடந்து மறுமுனை சென்று திரும்ப வேண்டும். போகும்போது காய், கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்பும்போது பழம். காயும் பழமும் ஒரே கட்டத்தில் நிற்பது பிழை. யாரேனும் தொடுபட்டாலோ பிழை செய்தாலோ அணிகள் இடம் மாறும். ஊருக்கு ஊர் விதி வேறுபடும்; நான் அறிந்த வழக்கு இது.

மேற்சொன்ன கூடத்தில் 12 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் உள்ள இரண்டு களங்களை அருகருகே அமைக்கலாம். இரு முனைகளிலும் 3 மீட்டர் எஞ்சும். ஓடிவரும் பிள்ளை சுவரில் மோதாமல் நிற்க அது தேவை. பக்கச் சுவர்களிலிருந்தும் களங்களுக்கு இடையிலும் ஒவ்வொரு மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒன்றாக ஐந்து குறுக்குக் கோடுகள், ஆகவே அணிக்கு ஐவர். இரு களங்களிலும் சேர்த்து இருபது பேரும் ஒரே நேரத்தில் ஆடுவர். சுவரோரம் வெறுமையாக இருக்கும். வண்ணம் பூச இயலாத தரையில் ஒட்டுநாடாவே வழி. இரு களங்களுக்கும் 107 மீட்டர் நாடா வேண்டும். 50 மீட்டர்ச் சுருள் இரண்டு சற்றுப் போதாது, மூன்று வாங்க வேண்டும். எளிதில் உரியும் காகித நாடாவாக இருக்கட்டும். அதையும் முதலில் ஒரு மூலையில் ஒட்டிப் பார்த்து, அன்றே உரித்துவிட வேண்டும். நாள்பட்டால் பசை தரையில் தங்கும், முன்பணம் திரும்பாது. மூலைகளில் மட்டும் கூடத்தாரின் இசைவோடு சிறு குறி இட்டுவைத்தால் அடுத்த வாரம் அளக்கும் வேலை மிச்சம்.

இவ்வாட்டத்தில் பேச்சு ஏன் தவிர்க்க இயலாதது என்பதைக் கவனியுங்கள். முன்னே நிற்பவரை ஏமாற்ற முனையும் பிள்ளைக்குப் பின்னால் நடுக்கோட்டில் வரும் கிளி தெரியாது. தோழன் 'கிளி வருது!' என்று கத்தினால்தான் தப்பும். தான் காயா பழமா என்பதை உரக்கச் சொல்லாவிட்டால் தோழனே அதே கட்டத்திற்குள் வந்து அணியைத் தோற்கடித்துவிடுவான். 'நில்', 'விடு', 'இப்பப் போ', 'அங்க போகாத' என ஏவலும் எதிர்மறை ஏவலும் சுட்டும் நொடிக்கொருமுறை பிறக்கின்றன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இங்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோன உகரச் சுட்டு அவர்கள் பேச்சில் வாழ்கிறது. 'உவன்', 'உங்கை' என்பன கேட்பவருக்கு அருகில் உள்ளதைச் சுட்டும். கோட்டில் நிற்கும் தோழனிடம் 'உவனைப் பிடி' என்றால், உன் அருகில் உள்ளவனைப் பிடி என்பது ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. தமிழகத்துப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டால் திருத்த வேண்டாம். 'ஓடுங்கோ', 'ஓடுங்க' இரண்டும் கூடத்தில் ஒலிக்கட்டும்.

ஆனால் ஆட்டத்தைவிடப் பயனுள்ளது ஆட்டத்தில் எழும் சண்டை. 'நீ தொட்டாய்', 'இல்லை, நான் முதலே தாண்டிவிட்டேன்', 'தொட்டிருந்தால் சட்டை இழுபட்டிருக்கும்' என்னும் வாதத்தில் இறந்தகாலமும் நிபந்தனை வாக்கியமும் தாமாக வருகின்றன. பொறுப்பிலிருக்கும் பெரியவர் உடனே ஓடிவந்து ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னால் அவ்வளவும் வீண். இரண்டு நிமிடம் வாதிட விட்டு, இரு தரப்பையும் கேட்டு, தமிழிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலம் பேசினால் தண்டம் என்ற விதியை நான் ஏற்கவில்லை. தண்டத்திற்கு அஞ்சும் பிள்ளை தமிழுக்கு மாறுவதில்லை, பேசாமல் இருந்துவிடுகிறது. அதற்கு மாறாக, ஒவ்வோர் அணியிலும் வீட்டில் தமிழ் பேசும் ஒரு பிள்ளையையேனும் அமர்த்துங்கள். பிள்ளைகள் ஒலிப்பையும் பேச்சையும் பெற்றோரைவிடத் தோழரிடமிருந்தே பெறுகின்றனர் என்று ஜூடித் ரிச் ஹாரிஸ் 1998இல் எழுதிய நூல் வாதிட்டது. அவர் கூற்றின் முழு வீச்சையும் ஏற்காதோரும் குடியேறியோர் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதை மறுப்பது கடினம்.

இம்முயற்சி பலன் தருகிறதா என்பதை எளிதில் அளக்கலாம். முதல் வாரம் ஒருவர் தாளோடு அமர்ந்து, பத்து நிமிடத்தில் பிள்ளை பிள்ளையிடம் சொன்னவற்றுள் எத்தனை தமிழ், எத்தனை ஆங்கிலம் எனக் கோடிட்டு எண்ணட்டும். எட்டாம் வாரம் மீண்டும் எண்ணட்டும். பெரியவரிடம் பேசியவை கணக்கில் சேரா. தண்ணீர் குடிக்கும் இடைவேளையையும் தனியே எண்ணுங்கள். தமிழ் களத்தை விட்டு வெளியேறி அங்கும் ஒலிக்கிறதா என்பதே உண்மையான சோதனை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கிளித்தட்டு யாருக்கும் வாசிக்கக் கற்றுத்தராது. கதை சொல்லும் தமிழையும் தராது. அவை பள்ளியின் பணி. பூப்பந்து விரும்பும் பெற்றோரின் ஆசையும் நியாயமானதே. நகர மையங்களில் அதற்குத் தேர்ந்த பயிற்சி கிடைக்கும், அங்கே தனியே அனுப்பலாம். ஆனால் இருபது தமிழ்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் நோக்கிக் கத்துவதற்கான இடத்தை அம்மையங்கள் தரா. ஹாரோ நண்பர்களே, ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். முதல் எட்டு வாரத்திற்கு வலையை வீட்டிலேயே வைத்துவிட்டு, மூன்று சுருள் நாடாவோடு செல்லுங்கள். எண்ணிய கணக்கை எனக்கு அனுப்பினால் அதையும் இங்கேயே எழுதுகிறேன், அது என் கருத்துக்கு எதிராக இருப்பினும்.