பிரக்ஞையற்றவருக்காகக் கையொப்பமிடுவது யார்?

"பந்துக்களில் யாராவது ஒருவர் வந்து கையெழுத்துப் போடுங்கள்" என்று ஆஸ்பத்திரிகளில் கேட்பது நம் நாட்டில் அன்றாட வழக்கம். நோயாளி வயது வந்தவர். ஆனால் பிரக்ஞையற்றுக் கிடக்கிறார். தமக்கு இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று அவர் முன்னதாக எழுதி வைக்கவில்லை. கோர்ட்டு அவருக்குப் பாதுகாவலர் எவரையும் நியமிக்கவுமில்லை. மனைவியோ, மகனோ, தமையனோ கையொப்பமிடுகிறார். ரண சிகிச்சை நடைபெறுகிறது. அந்தக் கையொப்பத்திற்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று விசாரிப்போர் மிகச் சிலரே. விசாரித்தால் கிடைக்கும் விடை பலரையும் திடுக்கிடச் செய்யும். வயது வந்த ஒருவருக்காக, உறவினர் என்ற ஒரே காரணத்தால், ரண சிகிச்சைக்குச் சம்மதம் அளிக்கும் அதிகாரத்தை இந்தியாவில் எந்தப் பொதுச் சட்டமும் எவருக்கும் கொடுத்திருக்கவில்லை.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்குத் தாய் தந்தையர் இயற்கைப் பாதுகாவலர் ஆவர். அவ்வயது நிறைந்ததும் அந்தப் பாதுகாவல் முடிந்துவிடுகிறது. விவாகம் ஆனதனால் கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 2002-ம் வருஷத்து வைத்திய கவுன்ஸில் ஒழுக்க விதிகளில், ஆபரேஷனுக்கு முன் யாரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெற வேண்டும் என்று கூறும் இடத்தில் கணவன், மனைவி என்ற சொற்கள் இருப்பது மெய்யே. ஆனால் சிறுவர்களுக்குப் பெற்றோர், மற்றவர்களுக்கு நோயாளி தாமே என்று எல்லாம் ஒரே வாக்கியத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. யார் எப்போது யாருக்குப் பதிலாகப் பேசலாம் என்ற வரிசை அதில் இல்லை. மேலும் அது வைத்தியரின் நடத்தையைப் பற்றிய விதியே யன்றி, உறவினருக்கு உரிமை வழங்கும் சட்டம் அன்று.

அப்படியானால், சாலை விபத்தில் நினைவிழந்தவரை டாக்டர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா? இல்லை. இதற்கு விடை 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவிலேயே இருந்தது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சம்ஹிதையில் அதுவே 30-வது பிரிவாக நிற்கிறது. ஒருவர் சம்மதம் தர இயலாத நிலையில் இருக்கிறார். உரிய காலத்தில் சம்மதம் பெறக்கூடிய பாதுகாவலரோ, சட்டப்படி அவரைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ இல்லை. அந்நிலையில் அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த காரியம் குற்றமாகாது என்பது அதன் சாரம். சட்டமே தரும் உதாரணம் ஒன்று உண்டு. குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்த ஒருவருக்கு மண்டையோட்டைத் துளைக்க வேண்டியிருப்பதை ரண வைத்தியர் காண்கிறார், அவர் தெளிவதற்கு முன்பே துளைத்துச் சிகிச்சை செய்கிறார், அது குற்றமன்று.

குதிரைக்குப் பதில் மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு இன்றைய உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் திண்டுக்கல் சாலையில் வண்டியிலிருந்து விழுகிறார். சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்கிறார், பிறகு மயங்குகிறார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையே 40 கன சென்டிமீட்டர் அளவுக்கு ரத்தம் உறைந்திருக்கிறது. ஒரு கண்ணின் பாவை விரிந்து நிற்கிறது. மூளை நசுங்குகிறது என்பதற்கு அது அறிகுறி. இத்தகைய ரத்தக்கட்டி 30 கன சென்டிமீட்டரைத் தாண்டினாலே, நோயாளியின் நினைவு எந்த நிலையில் இருந்தாலும், அதை அகற்ற வேண்டும் என்பது நரம்பியல் ரண வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. பாவையும் விரிந்துவிட்டதென்றால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கில் வரும். மனைவி பிறந்தகம் சென்றிருக்கிறார், தொலைபேசியில் அகப்படவில்லை. உடன் வந்த தம்பியோ, "தலையைத் திறக்க வேண்டாம், அண்ணி வரட்டும்" என்கிறார்.

இங்கே டாக்டர் காத்திருக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் கூடாது. நோயாளியின் உயிரைக் காக்கும் கடமை சர்க்கார் ஆஸ்பத்திரியைப் போலவே தனியார் டாக்டருக்கும் உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு 1989-ம் வருஷத்திலேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. சம்மதம் தரும் அதிகாரம் இல்லாத தம்பிக்கு மறுக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் நடைமுறையில் நிகழ்வது வேறு. சட்டத்தில் "பொறுப்பில் வைத்திருப்பவர்" என்ற சொல்லுக்கு வரையறை இல்லாமையால், உடன் வந்தவரையே அப்படிப்பட்டவராக ஆஸ்பத்திரி நிர்வாகம் கருதிக்கொள்கிறது. பின்னால் அடிதடியோ வழக்கோ வருமென்ற அச்சத்தால் ஒரு கையெழுத்துக்காக மணிக்கணக்கில் காக்கிறது. உண்மையில் டாக்டருக்குப் பாதுகாப்பளிப்பது வேறு பத்திரம். நோயாளியின் நிலை, ஸ்கேன் முடிவு, தாமதித்தால் வரும் கேடு, உறவினரைத் தேடிய முயற்சி, ஒவ்வொன்றின் மணி நேரம் ஆகியவற்றை எழுதி, மற்றொரு டாக்டரும் ஒப்பமிட்டு வைக்கும் குறிப்பே அது. தம்பியின் கையெழுத்து, அவருக்கு விஷயம் தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அத்தாட்சியாகுமே யன்றி அதற்கு மேல் எதுவுமாகாது.

இந்த அவசர அதிகாரத்திற்கு எல்லை உண்டு. அந்த எல்லையைச் சுப்ரீம் கோர்ட்டு 2008 ஜனவரி 16-ந் தேதித் தீர்ப்பில் தெளிவாக வரைந்தது. 44 வயதுள்ள, விவாகமாகாத மாது ஒருவர் டில்லியில் நோயின் காரணத்தை அறியும் பொருட்டு, வயிற்றினுள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு உடன்பட்டார். அவர் மயக்க மருந்தின் வசத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் பெற்றுக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். நல்ல நோக்கத்துடனேயே செய்தனர் என்பதைக் கோர்ட்டு மறுக்கவில்லை. ஆயினும், வயது வந்து சித்த சுவாதீனமுள்ள ஒருவருக்காகப் பிறர் சம்மதம் தருவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கூறிற்று. அவர் சிறிது நேரமே நினைவிழந்திருந்தார்; உயிருக்கு அபாயம் ஏதும் இல்லை; கண்விழிக்கும் வரையில் காத்திருந்து அவரையே கேட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. சிகிச்சைக்கான கட்டணம் மறுக்கப்பட்டது. 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் விதிக்கப்பட்டது. பெற்ற தாயின் சம்மதமே செல்லாதென்றால் மற்ற உறவினரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே டாக்டர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: நோயாளி கண்விழிக்கும் வரையில் இது காத்திருக்குமா? காத்திருக்கும் என்றால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஆனால் நோயாளி கண்விழிக்கவே இல்லை என்றால்? இங்குதான் சட்டம் மௌனம் சாதிக்கிறது. நம் உதாரணத்திற்கே திரும்புவோம். ரத்தக்கட்டியை அகற்றியாயிற்று; மூளை வீங்கியிருந்ததால் மண்டையோட்டின் ஒரு துண்டை மீண்டும் பொருத்தாமல் எடுத்து வைத்தனர். இரண்டு வாரம் கழிந்தும் நினைவு திரும்பவில்லை. சுவாசக் குழாயை வாய் வழியே நெடுநாள் வைத்திருக்க இயலாதாகையால் கழுத்தில் துளையிட வேண்டும். இதைச் சில நாள் தள்ளலாம். என்றென்றும் தள்ள முடியாது. சில மாதங்களில் வீக்கம் வடிந்த பிறகு ஓட்டுத் துண்டை மீண்டும் பொருத்த வேண்டும். அது நிதானமாகத் திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன். கிருமி தொற்றும் அபாயமும் அதில் உண்டு. மனைவி வேண்டுமென்கிறார்; தம்பி வேண்டாமென்கிறார். அவசரம் என்று டாக்டர் சொல்ல முடியாது. விழிக்கட்டும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை. 2008-ம் வருஷத்துத் தீர்ப்பு இத்தகைய நிலைக்கு யாரையும் பெயர் குறிக்கவில்லை.

இப்போதுள்ள ஒரே வழி ஹைகோர்ட்டு. மைனர்களுக்கான சட்டமும், மனநோயாளருக்கான சட்டமும், பிறவிக் குறைபாடுள்ளோருக்கான சட்டமும் நீண்ட மயக்கத்தில் கிடப்பவருக்குப் பொருந்தவில்லை என்று கண்ட கேரள ஹைகோர்ட்டு, 2019-ல் அரசியல் சட்டத்தின் 226-வது ஷரத்தின் கீழ்த் தானே பாதுகாவலரை நியமிக்க முன்வந்தது. நரம்பியல் நிபுணர் அடங்கிய வைத்தியக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். தாசில்தார் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தர வேண்டும். நியமனம் பெற்றவர் குறித்த காலங்களில் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நெறிகளையும் வகுத்தது. சென்னை ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் அமர்வும் 2024-ல் நினைவிழந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது. இத்தீர்ப்புகளை வரவேற்கிறோம். எனினும், கழுத்தில் ஒரு துளையிடுவதற்காக ஏழைக் குடியானவரின் மனைவி வக்கீலை அமர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பது நடக்கக்கூடிய காரியமா?

விந்தை என்னவெனில், இதைவிடக் கடினமான சந்தர்ப்பங்களுக்குச் சட்டம் விடை வைத்திருக்கிறது. மூளைச் சாவுற்றவரின் அவயவங்களைத் தானம் செய்ய 1994-ம் வருஷத்துச் சட்டம் நெருங்கிய உறவினர் யார் யார் என்று பட்டியலிட்டிருக்கிறது. பிழைக்க வழியில்லாதவருக்குச் செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவதற்கு, அவர் முன்னதாக எதுவும் எழுதி வைக்காத போது, உறவினரின் சம்மதமும் இரண்டு வைத்தியக் குழுக்களின் கருத்தும் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் கூறி, 2023-ல் அம்முறையை எளிதாக்கியது. இறந்தவருக்காகப் பேச ஆள் உண்டு. இறக்க விடுவதற்கும் முறை உண்டு. பிழைக்க வைக்கும் ஆபரேஷனுக்கு மட்டும் ஆளும் இல்லை, முறையும் இல்லை!

பரிகாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், நோயாளி தாமே பிரதிநிதியை நியமிக்காவிடில் உறவினர், பிறகு பராமரிப்பவர், பிறகு வாரியம் நியமிக்கும் தக்கவர், எவரும் இல்லையெனில் சமூக நலத்துறை டைரக்டர் என்று வரிசை வகுத்திருக்கிறது. அந்த முறையை உடல் நோயாளிகளுக்கும் பார்லிமெண்டு விரிக்க வேண்டும். ஆயினும் அச்சட்டத்தில் உள்ள குறையையும் சேர்த்து இறக்குமதி செய்யலாகாது: அங்கே உறவினர் என்றால் ரத்தத்தாலோ, விவாகத்தாலோ, ஸ்வீகாரத்தாலோ உறவுடைய எவரும் ஆகலாம். மனைவியும் தம்பியும் மாறுபட்டால் யார் சொல் நிற்கும் என்பதைப் புதிய சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிணக்கு ஏற்பட்டால் ஜில்லா அளவிலேயே சில நாட்களில் தீர்ப்புச் சொல்லும் குழு ஒன்றும் வேண்டும். இங்கிலாந்தின் 2005-ம் வருஷத்துச் சட்டம் உறவினருக்கு வீட்டோ அதிகாரம் தரவில்லை. நோயாளி பேசக்கூடுமானால் எதை விரும்பியிருப்பார் என்று டாக்டர் அவர்களிடம் கேட்டறிய வேண்டும் என்றே விதிக்கிறது. இங்கும் உறவினர் தம் விருப்பத்தைச் சொல்ல வந்தவரல்லர், படுக்கையில் கிடப்பவரின் விருப்பத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவரே என்பதைச் சட்டம் முதல் வரியிலேயே எழுதட்டும். அதுவரையில் டாக்டர்கள், உயிர் போகும் வேளையில் கையெழுத்துக்காகக் காத்திருப்பதையும், உயிருக்கு அபாயமில்லாத வேளையில் பிறர் கையெழுத்தை நம்பிக் கத்தியெடுப்பதையும் விட்டொழிப்பார்களாக.